எல்.இ.டி.யின் நிறம் எங்கிருந்து வருகிறது? பட்டை இடைவெளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவப்பு எல்.இ.டி. சிவப்பாக எரிவது அந்தச் சிவப்பு பிளாஸ்டிக்கால்தானே?

இல்லை. கடையில் நிறமே இல்லாத, தண்ணீர் போலத் தெளிந்த மூடியுள்ள எல்.இ.டி. ஒன்று வாங்கிப் பாருங்கள். அணைந்திருக்கும்போது அது சிவப்பா, பச்சையா, நீலமா என்று சொல்லவே முடியாது. மின்சாரம் கொடுத்த பிறகுதான் தெரியும். மூடிக்குச் சாயம் பூசுவது, எரியாதபோதும் இன்ன நிறம் என்று அடையாளம் தெரியவும், வெளி வெளிச்சம் பட்டால் தனித்துத் தெரியவும்தான்.

தெளிந்த மூடிக்குள் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால், இரண்டு கால்களில் தடித்ததன் தலையில் சின்னக் கிண்ணம் ஒன்று தெரியும். கிண்ணத்தின் அடியில் கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் அளவில் ஒரு சதுரத் துணுக்கு உட்கார்ந்திருக்கும். ஒரு கடுகை விடச் சின்னது. அதன் உச்சியிலிருந்து தலைமுடியை விட மெல்லிய கம்பி ஒன்று வளைந்து மற்றக் காலுக்குப் போகும். வெளிச்சம் பிறப்பது அந்தத் துணுக்கில்தான், பிறக்கும்போதே அது சிவப்பு.

திருவிழாவில் குண்டு பல்புக்கு மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றுவார்களே, அங்கே நடப்பது வேறு. பல்பு எல்லா நிறமும் தருகிறது, தாள் சிவப்பை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கிறது. சிவப்பு எல்.இ.டி.யில் தடுப்பதற்கு வேறு நிறம் ஏதும் இல்லை. அதன் மேல் நீலத் தாளைச் சுற்றினால் நீலம் வராது, வெளிச்சம் மங்கித்தான் போகும்.

பட்டை இடைவெளி என்றால் என்ன? புத்தகத்தில் இரண்டு பெட்டி போட்டு நடுவில் கோடு போட்டிருக்கிறார்கள், அதற்கு மேல் புரியவில்லை.

அந்தப் படத்தில் மேல், கீழ் என்று காட்டுவது இடத்தை அல்ல, ஆற்றலை. முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் படத்தைப் பார்த்து எலக்ட்ரான் படிகத்துக்குள் மேலிருந்து கீழே இறங்குவதாக நினைத்துவிடுகிறார்கள். அது இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு ஆற்றலை இழக்கிறது, அவ்வளவுதான்.

தனி அணுவில் எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகள் மட்டுமே உண்டு. காலியம் ஆர்சனைடு படிகத்தில் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 4.4 × 10²² அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. பக்கத்து அணுக்களோடு உறவாடும்போது ஒவ்வொரு நிலையும் எண்ணற்ற நிலைகளாகப் பிளந்து, ஒன்றோடொன்று ஒட்டிய பட்டையாகிவிடுகிறது. அப்படி உருவான பட்டைகளில் நமக்கு வேண்டியவை இரண்டு. அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் எலக்ட்ரான்கள் இருப்பது இணைதிறன் பட்டை. பிணைப்பிலிருந்து விடுபட்டு உலவும் எலக்ட்ரான்கள் இருப்பது கடத்துப் பட்டை. இரண்டுக்கும் நடுவில் எந்த எலக்ட்ரானும் தங்க முடியாத ஓர் ஆற்றல் வெளி இருக்கிறது. அதன் அகலமே பட்டை இடைவெளி.

வேறு மாதிரி சொன்னால், பிணைப்பில் கட்டுண்ட ஓர் எலக்ட்ரானைப் பிய்த்து விடுவிக்க ஆகும் குறைந்தபட்சச் செலவுதான் இந்த இடைவெளி. அறை வெப்பநிலையில் காலியம் ஆர்சனைடுக்கு அது 1.42 எலக்ட்ரான் வோல்ட். காலியம் நைட்ரைடுக்கு 3.4. எலக்ட்ரான் வோல்ட் என்பது ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட் வித்தியாசத்தைக் கடக்கும்போது பெறும் ஆற்றல், 1.602 × 10⁻¹⁹ ஜூல்.

அதற்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்?

பிய்க்க ஆன செலவு, திரும்ப ஒட்டும்போது வரவாகிறது. எல்.இ.டி.யில் மின்சாரம் பாயும்போது, துணுக்கின் இரு பகுதிகள் சேரும் சந்தியின் ஒரு பக்கத்திலிருந்து கடத்துப் பட்டையில் எலக்ட்ரான்களும், மறுபக்கத்திலிருந்து இணைதிறன் பட்டையில் துளைகளும் வந்து ஒரே இடத்தில் சேர்கின்றன. துளை என்பது எலக்ட்ரான் இல்லாத காலியிடம். எலக்ட்ரான் அந்தக் காலியிடத்தில் விழுகிறது. நடுவில் தங்க இடமில்லாததால் படிப்படியாக இறங்க வழியில்லை, முழு இடைவெளியையும் ஒரே தாண்டில் கடந்தாக வேண்டும். இழந்த ஆற்றல் முழுவதும் ஒரே ஃபோட்டானாக வெளியே வருகிறது.

தென்னந்தோப்பில் எல்லா மரமும் ஒரே உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய் எந்த மரத்திலிருந்து விழுந்தாலும் தரையில் ஒரே மாதிரிதான் மோதும். ஒரு படிகத்தில் ‘மரத்தின் உயரம்’ எங்கும் ஒன்றுதான், ஆகவே ஃபோட்டான்களின் ஆற்றலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஃபோட்டானின் ஆற்றலும் அதன் அலைநீளமும் பிரிக்க முடியாத ஜோடி: E = hc/λ. இதில் h பிளாங்க் மாறிலி, c ஒளியின் வேகம், λ அலைநீளம். அலைநீளத்தைத்தான் நம் கண் நிறமாகப் பார்க்கிறது. இடைவெளி அகன்றால் ஆற்றல் கூடும், அலைநீளம் குறையும், நிறம் சிவப்பிலிருந்து நீலத்தை நோக்கி நகரும்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள்.

கண்ணுக்குத் தெரியும் எல்.இ.டி.யின் தொடக்கக் கதையையே எடுத்துக்கொள்வோம். 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் நிக் ஹோலோன்யாக் காலியம் ஆர்சனைடு பாஸ்பைடு என்ற கலவைப் படிகத்திலிருந்து சிவப்பு ஒளியை எடுத்தார். காலியம் ஆர்சனைடு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று முதலில் பார்ப்போம்.

கணக்கைச் சுலபமாக்க ஒரு குறுக்குவழி உண்டு. h = 6.626 × 10⁻³⁴ ஜூல் வினாடி, c = 2.998 × 10⁸ மீட்டர்/வினாடி. இரண்டையும் பெருக்கி, எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் நானோமீட்டருக்கும் மாற்றினால் 1240 வருகிறது. பட்டை இடைவெளியை Eg என்று எழுதுவோம். ஆகவே,

λ (நானோமீட்டர்) = 1240 / Eg (எலக்ட்ரான் வோல்ட்)

காலியம் ஆர்சனைடுக்கு 1240 / 1.424 = 871 நானோமீட்டர். நம் கண் சுமார் 700க்கு மேல் அநேகமாக ஒன்றும் பார்ப்பதில்லை. அது அகச்சிவப்பு. டிவி ரிமோட்டின் முனையில் இருப்பதும் அகச்சிவப்பு எல்.இ.டி.தான், பட்டனை அழுத்தினாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது ஆர்செனிக் அணுக்களில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பாஸ்பரஸை வைக்கிறோம். எவ்வளவு பங்கு மாற்றினோம் என்பதை x என்று எழுதுவோம். x = 0 என்றால் பாஸ்பரஸே இல்லை, x = 1 என்றால் ஆர்செனிக்கே இல்லை. கலவையின் இடைவெளியை அளந்து பொருத்திய சூத்திரம் இது:

Eg = 1.424 + 1.150x + 0.176x²

பிற்பாடு கோடிக்கணக்கில் செய்யப்பட்ட சிவப்பு எல்.இ.டி.களில் x = 0.4. நூறு ஆர்செனிக் இடங்களில் நாற்பதில் பாஸ்பரஸ். போட்டுப் பாருங்கள்:

1.150 × 0.4 = 0.460
0.176 × 0.16 = 0.028
Eg = 1.424 + 0.460 + 0.028 = 1.912 எலக்ட்ரான் வோல்ட்
λ = 1240 / 1.912 = 648.5 நானோமீட்டர்

649 நானோமீட்டர் ஆழ்ந்த சிவப்பு. 1970களின் கால்குலேட்டர்களில் எண்கள் ஒளிர்ந்தது இந்தச் சிவப்பில்தான்.

குறுக்குவழியில் நம்பிக்கை இல்லாதவர்கள் ஜூலில் போட்டுச் சரிபார்க்கலாம். 1.912 × 1.602 × 10⁻¹⁹ = 3.063 × 10⁻¹⁹ ஜூல். hc என்பது 1.9865 × 10⁻²⁵. வகுத்தால் 6.485 × 10⁻⁷ மீட்டர். அதே விடை. தேர்வுத்தாளில் மாணவர்கள் அதிகம் தவறுவது எலக்ட்ரான் வோல்ட்டை ஜூலாக மாற்ற மறந்து நேரே வகுப்பதில்தான். விடை 10⁻²⁵ மீட்டர் என்று வந்தால் அணுவை விடப் பல கோடி மடங்கு சின்ன அலைநீளம், உடனே சந்தேகப்பட வேண்டும்.

பழைய விவரத்தாள்களில் இந்த எல்.இ.டி.க்கு 650, 655 என்று போட்டிருக்கும். சில நானோமீட்டர் வித்தியாசம் தப்பில்லை. x துல்லியமாக 0.4ஆக இருக்காது, எரியும் துணுக்கு சற்றுச் சூடாகியிருக்கும், தான் உண்டாக்கிய ஒளியில் ஆற்றல் மிகுந்த பகுதியைப் படிகமே கொஞ்சம் விழுங்கியும் விடும். எல்லாம் சேர்ந்து உச்சத்தைச் சிவப்புப் பக்கம் தள்ளுகின்றன.

பாஸ்பரஸ் சேர்த்தால் இடைவெளி ஏன் அகலமாகிறது?

பாஸ்பரஸ் அணு ஆர்செனிக்கை விடச் சின்னது. காலியத்தோடு அது போடும் பிணைப்பு நீளத்தில் குறைவு, வலுவில் அதிகம். பிணைப்பு வலுவானால் எலக்ட்ரானைப் பிய்க்க ஆகும் செலவும் கூடும், அதாவது இடைவெளி அகலும். நைட்ரஜன் இன்னும் சின்ன அணு, அதனால்தான் காலியம் நைட்ரைடின் இடைவெளி 3.4 வரை போகிறது.

அப்படியானால் பாஸ்பரஸை இன்னும் கூட்டிக்கொண்டே போய்ப் பச்சையும் நீலமும் எடுத்திருக்கலாமே?

எடுக்க முடியாமல் போனதுதான் இந்தத் துறையில் பல ஆண்டுகளைத் தின்ற சிக்கல். கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எலக்ட்ரானுக்கு ஆற்றல் மட்டுமல்ல, படிகத்துக்குள் உந்தமும் உண்டு. துளையில் விழும்போது இரண்டு கணக்கும் நேராக வேண்டும். ஃபோட்டான் ஆற்றலைத் தாராளமாக எடுத்துப் போகும், உந்தத்தை அநேகமாக எடுத்துப் போகாது. எவ்வளவு கம்மி என்று பார்க்கலாம். ஃபோட்டானின் உந்தம் h/λ, இங்கே λ சுமார் 650 நானோமீட்டர். படிகத்துக்குள் எலக்ட்ரானின் உந்தம் போகக்கூடிய எல்லை h/a அளவு, இங்கே a என்பது படிகக் கட்டத்தின் நீளம், சுமார் 0.56 நானோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஃபோட்டானால் சுமக்க முடிவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஆகவே கடத்துப் பட்டையின் அடிமட்டமும் இணைதிறன் பட்டையின் உச்சியும் ஒரே உந்தத்தில் இருந்தால்தான் எலக்ட்ரான் நேராக விழுந்து ஒளி தரும். இதை நேரடி இடைவெளி என்கிறோம். காலியம் ஆர்சனைடு அப்படிப்பட்டது. காலியம் பாஸ்பைடு அப்படியல்ல. அங்கே கடத்துப் பட்டையின் மிகத் தாழ்ந்த பள்ளம் வேறோர் உந்தத்தில் கிடக்கிறது. எலக்ட்ரான்கள் எல்லாம் அந்தப் பள்ளத்தில் போய்த் தேங்குகின்றன. துளைகளோ வேறு உந்தத்தில். இரண்டும் சேர வேண்டுமானால் படிக அதிர்வு ஒன்று அந்த நேரத்தில் வந்து மிச்ச உந்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி அமைவது அரிது. அமைவதற்குள் எலக்ட்ரான் ஏதாவது ஒரு குறைபாட்டில் மாட்டி ஆற்றலைச் சூடாக இழந்துவிடுகிறது. இது மறைமுக இடைவெளி. சிலிக்கானும் இப்படித்தான், அதனால்தான் உலகமே சிலிக்கானில் ஓடினாலும் சிலிக்கான் எல்.இ.டி. கடையில் கிடைப்பதில்லை.

கலவையில் x கூடக்கூட, துளைகளின் உந்தத்திலேயே உள்ள நேர்ப் பள்ளம், வேறோர் உந்தத்தில் உள்ள பக்கப் பள்ளம் இரண்டும் உயர்கின்றன. ஆனால் நேர்ப் பள்ளம் வேகமாக உயர்கிறது, பக்கப் பள்ளம் மெதுவாக. x 0.45ஐ ஒட்டி வரும்போது பக்கப் பள்ளம் தாழ்ந்துவிடுகிறது. சூத்திரத்தில் 0.45 போட்டால் இடைவெளி 1.977, அலைநீளம் 627 நானோமீட்டர். நல்ல பளிச்சென்ற சிவப்பு. அதற்கு மேல் போனால் நிறம் அழகாகத்தான் இருக்கும், வெளிச்சம்தான் செத்துப்போகும்.

இதில் ஓர் இழுபறி இருக்கிறது. நம் கண்ணுக்கு 650ஐ விட 630 இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசமாகத் தெரியும், அதற்காக xஐக் கூட்டத் தோன்றும். கூட்டினால் படிகம் தரும் ஃபோட்டான்கள் குறைகின்றன. 0.4 என்ற எண் இந்த இரண்டுக்கும் நடுவில் கண்ட சமரசம். மேசையில் போட்ட கணக்கு மட்டும் அதைத் தரவில்லை, கண்ணும் படிகமும் சேர்ந்து தந்தது.

நீலத்துக்கு வேறு பொருள்தான் தேடவேண்டியிருந்தது. காலியம் நைட்ரைடு நேரடி இடைவெளி உள்ளது. 1240 / 3.4 = 365 நானோமீட்டர், புற ஊதா. அதோடு இண்டியம் கலந்து இடைவெளியைச் சுருக்கினால் நீலம் வரும். நல்ல படிகம் வளர்ப்பதிலேயே ஆண்டுகள் கரைந்தன. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகியோர் அதைச் சாதித்தார்கள். 2014இல் மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

வோல்டேஜைக் கூட்டினால் சிவப்பு எல்.இ.டி. நீலமாக எரியுமா? கூடுதல் ஆற்றல் கிடைக்கிறதே.

எரியாது, துணுக்குதான் கருகும். கூடுதல் வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரான் பட்டையின் அடிமட்டத்துக்கு மேலே, சற்று உயரத்தில் வந்து சேரலாம். ஆனால் பட்டைக்குள் நிலைகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, படிப்படியாக இறங்கத் தடையே இல்லை. படிகத்தை அதிரவைத்து, மிச்ச ஆற்றலைச் சூடாக இழந்து, ஒரு வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவு நேரத்தில் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஒளி தர அதற்கு ஆகும் நேரமோ அதைப் போல ஆயிரம் மடங்கு. ஆகவே ஒளி பிறக்கும் கணத்தில் எலக்ட்ரான் எப்போதும் பட்டையின் அடியில்தான் நிற்கும், எவ்வளவு உயரத்தில் வந்து சேர்ந்தாலும் சரி.

வோல்டேஜ் கூட்டினால் கூடுவது எண்ணிக்கை. 20 மில்லி ஆம்பியர் என்றால் வினாடிக்கு 0.020 / 1.602 × 10⁻¹⁹, அதாவது 1.25 × 10¹⁷ எலக்ட்ரான்கள். 40 ஆக்கினால் இரு மடங்கு. ஒவ்வொன்றும் விழும் உயரம் அதேதான்.

ரெண்டு ரீசார்ஜ் பேட்டரியில் சிவப்பு எரியுது, அதே இடத்தில் நீலத்தைப் போட்டால் எரியவில்லை. எல்.இ.டி. கெட்டதா?

கெட்டிருக்காது. ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், இரண்டு சேர்ந்து 2.4. நீல எல்.இ.டி.யின் அலைநீளம் 465 என்று வைத்தால் ஃபோட்டான் ஒவ்வொன்றுக்கும் 1240 / 465 = 2.67 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 2.4 வோல்ட் மட்டும் தள்ளினால் சந்தியைத் தாண்டி வரும் எலக்ட்ரான்கள் மிகமிகக் கொஞ்சம். இருட்டறையில் உற்றுப் பார்த்தால் துணுக்கில் ஒரு மங்கல் தெரியலாம், வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது பேட்டரியைச் சேர்த்து 3.6 ஆக்கி, தகுந்த மின்தடையும் போட்டால் எரியும். மல்டிமீட்டரின் டையோடு சோதனையில் சில மீட்டர்களில் நீலம் அசையாமல் இருப்பதும் இதனால்தான். அந்த மீட்டர் தரும் வோல்டேஜ் போதவில்லை.

லேபில் சிவப்பு எல்.இ.டி. 1.7 வோல்ட்டிலேயே நன்றாக எரிகிறது. இடைவெளி 1.91 என்கிறீர்கள். மிச்ச ஆற்றல் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவரை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் அளந்ததை நம்பியவர்தான் இதைக் கேட்க முடியும். மிச்சம் படிகத்தின் வெப்பத்திலிருந்து வந்தது. அறை வெப்பநிலையில் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒரே ஆற்றலோடு இருப்பதில்லை. சிலவற்றிடம் சராசரியை விட மிகக் கூடுதலாக இருக்கும். சந்தியில் உள்ள தடையைத் தாண்டி வருபவை அந்தச் சிலதான். பேட்டரி கொடுத்தது 1.7, வெப்ப அசைவிலிருந்து பெற்றது 0.2. 20 மில்லி ஆம்பியர் பாய அந்தச் ‘சில’ போதும், மொத்தம் அவ்வளவு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஆற்றல் அழியாமை விதி எங்கும் மீறப்படவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் எல்.இ.டி. வைத்து பிளாங்க் மாறிலி கண்டுபிடிக்கும்போது விடை ஏன் எப்போதும் குறைவாக வருகிறது என்பதற்கும் இதுதான் முக்கியக் காரணம். h = eVλ/c என்று 1.70 வோல்ட்டையும் 649 நானோமீட்டரையும் போட்டால் 5.90 × 10⁻³⁴ வரும். உண்மை மதிப்பை விட 11 சதவீதம் குறைவு. மீட்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரே ஒரு எல்.இ.டி.யை நம்பாமல் நான்கைந்து நிறங்களை எடுத்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு சிறிய மின்னோட்டம் பாயும்போது வோல்டேஜை அளந்து, அதிர்வெண்ணுக்கு எதிராக வரைபடம் போட்டுச் சாய்வை எடுங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான குறை சாய்வில் அடிபட்டுப்போகும். நிறத்துக்கு நிறம் பொருள் வேறு என்பதால் முழுவதும் போகாது, ஆனாலும் விடை நன்றாகவே நெருங்கும்.

எல்.இ.டி. ஒளி லேசர் மாதிரி ஒரே அலைநீளமா?

இல்லை. அதே வெப்ப அசைவால் எலக்ட்ரான்கள் பட்டையின் அடியில் மெல்லியதாகப் பரவி நிற்கின்றன. அறை வெப்பநிலையில் வெப்ப அசைவின் ஆற்றல் அளவான kT என்பது 0.026 எலக்ட்ரான் வோல்ட், ஒளியின் ஆற்றல் பரவல் சுமார் 1.8 kT, அதாவது 0.047. நம் சிவப்புக்கு அது 16 நானோமீட்டர் அகலம். கலவைப் படிகத்தில் பாஸ்பரஸ் எங்கும் சீராக அமையாது என்பதால் நடைமுறையில் இன்னும் கொஞ்சம் அகலும். கண்ணுக்கு அது ஒரே சிவப்பாகத்தான் தெரியும்.

குளிரவைத்தால் நிறம் மாறுமா?

மாறும், இதைக் கண்ணால் பார்க்கலாம். திரவ நைட்ரஜன் உள்ள ஆய்வகத்தில் நான் மாணவர்களுக்குக் கட்டாயம் காட்டுவது இது. நீண்ட கம்பிகளில் சாலிடர் செய்த சிவப்பு எல்.இ.டி.யை எரியவிட்டபடியே மெல்லத் திரவத்துக்குள் இறக்க வேண்டும். முதலில் சரசரவென்று கொதிக்கும், கம்பியில் வெண்பனி ஏறும். பத்து வினாடிக்குள் ஆழ்ந்த சிவப்பு வெளுத்து ஆரஞ்சுப் பக்கம் சாயும், கூடவே வெளிச்சமும் கூடும். வெளியே எடுத்தால் ஆரஞ்சு மெல்லமெல்லச் சிவப்புக்குத் திரும்பும். பக்கத்தில் குளிர்விக்காத இன்னொன்றை எரியவிட்டால் வித்தியாசம் சந்தேகமில்லாமல் தெரியும்.

குளிரும்போது அணுக்கள் நெருங்குகின்றன, அதிர்வும் அடங்குகிறது, இடைவெளி அகலுகிறது. காலியம் ஆர்சனைடில் அறை வெப்பநிலையிலிருந்து 77 கெல்வினுக்குப் போனால் இடைவெளி 1.424லிருந்து 1.51 அளவுக்கு உயரும். நம் கலவையிலும் ஏறக்குறைய அதே 0.08 கூடுகிறது என்று வைத்தால் 1.912 + 0.08 = 1.99, அலைநீளம் 623 நானோமீட்டர். அதே நேரம் எல்.இ.டி.யின் மேல் உள்ள வோல்டேஜும் கூடுவதை மீட்டரில் பார்க்கலாம்.

வீட்டு ஃப்ரீசரில் செய்து பார்த்து ஒன்றும் தெரியவில்லை என்று எழுதுகிறார்கள். தெரியாது. ஐம்பது டிகிரி வித்தியாசத்துக்கு ஏழெட்டு நானோமீட்டர்தான் நகரும், பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் கண் அதைப் பிடிக்காது.

ஒரே பொருளில் சிவப்பும் பச்சையும் எடுத்தார்கள் என்று படித்தேன். அப்படியானால் இடைவெளிதான் நிறம் என்பது பொய்யா?

பொய்யில்லை, ஆனால் விதிக்கு எல்லை உண்டு. நீங்கள் படித்தது காலியம் பாஸ்பைடு. அதன் இடைவெளி 2.26, அலைநீளம் 549 வர வேண்டும். மறைமுக இடைவெளி என்பதால் அதுவாக எரியாது. அதில் துளியளவு நைட்ரஜன் சேர்த்தால், நைட்ரஜன் அணு எலக்ட்ரானை ஒரே இடத்தில் பிடித்து வைத்துக்கொள்ளும். சிறிய இடத்தில் மாட்டிய எலக்ட்ரானின் உந்தம் பரந்துவிடும், உந்தக் கணக்கு சரிக்கட்ட வழி கிடைத்துவிடும். பிடிபட்ட நிலை பட்டைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் 565 நானோமீட்டர் அருகே மஞ்சள் கலந்த பச்சை வருகிறது. பழைய ரேடியோக்களில் பார்த்த அந்தப் பச்சை இதுதான். அதே படிகத்தில் துத்தநாகமும் ஆக்ஸிஜனும் ஜோடியாகச் சேர்த்தால் பிடிபடும் நிலை மிகவும் ஆழத்தில் அமைகிறது, 700 நானோமீட்டர் அருகே சிவப்பு வருகிறது.

ஆக, இடைவெளி சொல்வது உச்சவரம்பை. விழும் உயரம் அதற்கு மேல் போகாது, நடுவில் யாராவது திண்ணை கட்டிவைத்தால் குறையலாம். கையில் உள்ள எல்.இ.டி. எந்த வகை என்று அறிய, விவரத்தாளில் பொருளின் பெயரைப் பாருங்கள். GaP என்று இருந்தால் 1240ஐ இடைவெளியால் வகுத்து நிறம் சொல்ல முயலாதீர்கள்.

வெள்ளை எல்.இ.டி.க்கு எத்தனை எலக்ட்ரான் வோல்ட்?

வெள்ளைக்கென்று ஒரு இடைவெளி கிடையாது, ஏனென்றால் வெள்ளை என்று ஓர் அலைநீளம் கிடையாது. உள்ளே இருப்பது 450 நானோமீட்டர் நீலத் துணுக்கு, 2.76 எலக்ட்ரான் வோல்ட். அதன் மேல் சீரியம் கலந்த மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிர்பொருளைப் பூசியிருக்கிறார்கள். நீலத்தில் ஒரு பங்கைப் பாஸ்பர் விழுங்கி, பரந்த மஞ்சளாகத் திருப்பித் தருகிறது. தப்பித்த நீலமும் இந்த மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்கு வெள்ளை.

வீட்டிலேயே சரிபார்க்க ஒரு பழைய சி.டி. போதும். இருட்டில் வெள்ளை எல்.இ.டி. டார்ச்சின் பிரதிபலிப்பைச் சி.டி.யின் பளபளப்புப் பக்கத்தில் சாய்த்துப் பாருங்கள். ஒரு ஓரத்தில் பளிச்சென்ற நீலக் கீற்று, அதையடுத்து மங்கலான ஓர் இடம், பிறகு பச்சையிலிருந்து சிவப்பு வரை பரந்த பட்டை. அந்த நீலக் கீற்று துணுக்கினுடையது, பரந்தது பாஸ்பருடையது. பிறகு சிவப்பு எல்.இ.டி.யை அதே இடத்தில் பிடியுங்கள். ஒரே ஒரு சிவப்புக் கீற்றுதான் இருக்கும்.